கதீட்டர் தொற்று: எடுக்கும் மாதிரியிலும் எழுதும் கணக்கிலும் நடக்கும் தவறுகள்

பக்கவாதத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 68 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறுநீரின் அளவை மணிக்கொரு முறை பார்க்க முதல் நாளே சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரைப் போட்டார்கள். மூன்றாம் நாளோடு அந்தத் தேவை தீர்ந்துவிட்டது, ஆனால் குழாய் அப்படியே இருந்தது. ஆறாம் நாள் காலை காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ்.

முதல் தவறு மூன்றாம் நாளிலேயே நடந்துவிட்டது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 7 சதவீதம். மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஏறக்குறைய எல்லோருக்குமே கிருமி இருக்கும். ஆகவே தொற்றைத் தடுக்க ஒன்றாகச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பராமரிப்புத் தொகுப்பில் எனக்கு முதன்மையாகப் படுவது, “இன்றைக்கு இது எதற்கு?” என்று தினமும் கேட்பதுதான். படுக்கை நனையக்கூடாது என்பது போதுமான காரணம் அல்ல. தொகுப்பின் எல்லா அம்சங்களும் நிறைவேறினால்தான் கடைப்பிடித்ததாகக் கணக்கு. ஷிப்ட் முடியும் நேரத்தில் எல்லாக் கட்டங்களிலும் வரிசையாக டிக் போட்ட தாளைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

காய்ச்சல் வந்ததும் சேகரிப்புப் பையின் அடித் திறப்பிலிருந்து சிறுநீரைப் பிடித்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவது அடுத்த தவறு. பையில் மணிக்கணக்கில் தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகியிருக்கும். பரிசோதனையில் தெரிவது பையின் நிலைதான். சிறுநீர்ப்பையின் நிலை அல்ல. மூன்று நான்கு வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்ததாக அறிக்கை வந்தால் இப்படி எடுத்திருப்பார்களோ என்று விசாரியுங்கள். மாதிரி வாங்கவென்றே குழாயில் ஒரு முனை உண்டு. அதற்குக் கீழே சற்று நேரம் கிளிப் போட்டு, முனையை ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, ஊசிக்குழலால் உறிஞ்ச வேண்டும். பையைக் குழாயிலிருந்து கழற்றி மாதிரி எடுப்பதும் கூடாது, மூடிய வழி திறந்துவிடும். குழாய் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்து, இன்னும் தேவைப்பட்டால், அதை மாற்றிவிட்டுப் புதிய குழாயிலிருந்து எடுப்பது நல்லது.

கையுறையைக் கவசமாக நினைப்பது இன்னொரு தவறு. ஒரே ஜோடியுடன் ஐந்து படுக்கைகளின் பைகளைக் காலி செய்துகொண்டே போவதைப் பல வார்டுகளில் பார்க்கலாம். முதல் பையின் கிருமி ஐந்தாவது படுக்கைக்குப் போக இதைவிட வசதியான வண்டி கிடையாது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அளவுப் பாத்திரம், புதிய கையுறை, கழற்றியவுடன் 20 முதல் 30 விநாடி ஆல்கஹால் தேய்ப்பு என்பதே முறை. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் இருந்தால் ஆல்கஹால் அதன் வித்துகளைக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

அந்தப் பெண்மணியின் முறையான மாதிரியில் ஈ.கோலை ஒன்று மட்டும், மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கு மேல் வளர்ந்தது என்று வைப்போம். மார்பு எக்ஸ்-ரேயில் நிமோனியாவும் தெரிகிறது. “காய்ச்சல் நுரையீரலால் வந்தது, இதைக் கதீட்டர் தொற்றுப் பட்டியலில் சேர்க்காதீர்கள்” என்பார் மருத்துவர். சிகிச்சையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வகுத்த கண்காணிப்பு வரையறையில் குழாய் இரண்டு நாளுக்கு மேல் இருந்து, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் இந்த அளவு கிருமியும் சேர்ந்தால் அது கதீட்டர் தொற்றுதான். காய்ச்சலுக்கு வேறு காரணம் இருப்பதால் விலக்க முடியாது. ஒவ்வொன்றாக வாதாடி நீக்கினால் மாதத்துக்கு மாதம் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. மறுபுறம், அறிகுறியே இல்லாதவருக்குக் கிருமி வளர்ந்தது, சீழ்செல் இருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுப்பதும் பெரும்பாலும் தவறு. குழாய் உள்ளவரிடம் சீழ்செல் சாதாரணமாகவே இருக்கும். கர்ப்பிணிகளும், சளிச்சவ்வு கிழியக்கூடிய சிறுநீர்ப் பாதை அறுவைக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு.

கடைசியாக, விகிதம். தினமும் குழாயோடு இருப்பவர்களை எண்ணி மாதம் முழுவதும் கூட்டினால் வருவது குழாய் நாட்கள். தொற்றுகளைக் குழாய் நாட்களால் வகுத்து 1000-ஆல் பெருக்குவார்கள். ஒரு வார்டில் போன மாதம் 300 குழாய் நாட்கள், 3 தொற்று என்றால் விகிதம் 10. தேவையற்ற குழாய்களை எடுத்தபின் இந்த மாதம் 150 குழாய் நாட்கள், 2 தொற்று, விகிதம் 13.3. நல்ல வேலை செய்த வார்டு காகிதத்தில் தோற்கிறது! எளிய நோயாளிகளின் குழாய்கள் போய், ஆபத்து மிகுந்தவர்களுடையவை மட்டும் எஞ்சியதன் விளைவு இது. இதேபோல் வார்டில் இருப்பவர்கள் எல்லோரையும் தினமும் எண்ணிக் கூட்டிய நோயாளி நாட்கள் இரு மாதமும் 400 என்றால், அதன்படி விகிதம் 7.5-லிருந்து 5-ஆகக் குறைந்திருக்கிறது. எண்ணிக்கை இவ்வளவு சிறிதாக இருக்கையில் ஒரு மாத மாற்றத்தை வைத்து எதையும் தீர்மானிக்கவும் முடியாது. அதனால் குழாய் நாட்களை நோயாளி நாட்களால் வகுத்த பயன்பாட்டு விகிதத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: 0.75 இங்கே 0.38 ஆகியிருக்கிறது. இதெல்லாம் செல்லுபடியாக, தினமும் ஒரே நேரத்தில் படுக்கை படுக்கையாகப் போய்க் குழாய்களை எண்ண வேண்டும். மாதக் கடைசியில் கேஸ் ஷீட்டைப் புரட்டி நிரப்பிய எண் உதவாது.