ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு ஆபீஸ் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிஏ இன்டர் முடித்த கையோடு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்குச் சேர நினைக்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "ஸ்டைபண்ட் எவ்வளவு தருவாங்க?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்தே ஆபீஸை முடிவு செய்கிறார்கள், அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது.

4 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு சிஏ இன்ஸ்டிடியூட் வைத்திருக்கும் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் முதல் வருடம் மாதம் 2,000 ரூபாய், இரண்டாம் வருடம் 3,000. நம் ஊர்கள் இதில்தான் வருகின்றன. பெங்களூரில் ஓர் ஆபீஸ் 10,000 தருகிறது, கிருஷ்ணகிரியில் ஒருவர் 4,000 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் சாப்பாட்டோடு பிஜி 9,000, போக்குவரத்தும் ஊருக்கு வந்து போகும் செலவும் 2,500 என்றால் மாதம் 1,500 கையை விட்டுப் போகும். உள்ளூரில் பஸ்ஸுக்கு 1,000 போனாலும் 3,000 மிஞ்சும். பெரிய எண்ணாகத் தெரிந்தது உண்மையில் 4,500 ரூபாய் பின்னால் நிற்கிறது. இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள்.

அதற்காக உள்ளூர்தான் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். ஸ்டைபண்டை விடப் பெரிய கேள்வி, உங்கள் கைக்கு என்ன ஃபைல் வரும் என்பது. சில சின்ன ஆபீஸ்களில் இரண்டு வருடமும் பில்லை டேலியில் ஏற்றுவதிலும், மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதிலுமே போய்விடும். பெரிய ஆபீஸிலும் ஒரே கிளையன்ட்டின் வவுச்சரை மட்டும் பார்த்தபடி ஒரு வருடம் கழியலாம்.

அதே கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளை ஆடிட் செய்யும் ஆபீஸ் கிடைத்தால் நிலைமையே வேறு. மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுக்கப் போனால் டிரம்களை எண்ணுவதோடு வேலை முடியாது. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் பேட்ச் எண்ணைப் படித்து, உற்பத்திப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். மாம்பழ சீசன் மே, ஜூன், ஜூலையிலேயே முடிந்துவிடும் என்பதால் மார்ச்சில் நிற்பதெல்லாம் குறைந்தது எட்டு மாதம் பழைய சரக்கு. அதற்கு முந்தைய சீசனின் டிரம்மும் ஓரமாக இருந்தால், அடக்க விலையில் காட்டலாமா, விற்கக்கூடிய விலை அதைவிடக் குறைந்துவிட்டதா என்று கேட்டாக வேண்டும். ஏற்றுமதி இருந்தால் ஜிஎஸ்டி ரீஃபண்ட் வேலையும் கூடவே வரும். கிரானைட் குவாரி கிளையன்ட் என்றால் அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு ரிவர்ஸ் சார்ஜில் வரி கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கக் கற்றுக்கொள்வீர்கள். ஃபைனலில் படிக்கப் போகும் பாடம் இப்படிக் கண்ணெதிரே நடக்கும்.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? சாரிடம் கேட்டால் "எல்லா வேலையும் வரும்பா" என்பார். ஏற்கனவே அங்கே இருக்கும் இரண்டாம் வருட ஆர்ட்டிகிளைத் தனியாகப் பிடித்து, "போன செப்டம்பர்ல டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்ல எந்தப் பகுதியை நீங்களே தயார் பண்ணீங்க?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் நல்ல ஆபீஸ். "நான் ஜிஎஸ்டி மட்டும் பார்க்கிறேன்" என்றால் உங்களுக்கும் அதுவேதான்.

நேரத்தைப் பற்றியும் அவரிடமே கேட்டுவிடலாம். விதிப்படி வாரத்துக்கு 35 மணி நேரம். மே மாதம் போய்ப் பார்த்தால் ஆறு மணிக்கெல்லாம் ஆபீஸ் காலியாக இருக்கும், அதை நம்ப வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் 30 வரை எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார் என்பதுதான் கேள்வி. தர்மபுரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் போய்வர நினைப்பவர்கள், கடைசி நேர வேலை முடிந்த பிறகு எந்த பஸ் கிடைக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், "எக்ஸாமுக்கு எத்தனை மாசம் லீவு தருவாங்கனு கேளு" என்று சீனியர் அண்ணன்மார் சொல்வது பழைய மூன்று வருடக் கணக்கு. 2023 ஜூலை 1 முதல் வந்த முறையில் பயிற்சி இரண்டே வருடம், லீவு வருடத்துக்கு 12 நாள். ஃபைனல் எழுதுவதும் பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான். லீவு தாராளம் என்பதற்காக வேலை வராத ஆபீஸைப் பிடித்தால் நஷ்டம் உங்களுக்கு.

"பேர் மட்டும் பதிஞ்சுக்கோ, வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அது விதிமீறல், தெரியவந்தால் அந்தப் பயிற்சிக் காலமே செல்லாமல் போகலாம். சரியான ஆபீஸில் சேர்ந்தாலும், பயிற்சியைப் பதிவு செய்யும் ஃபார்ம் 103-ஐச் சேர்ந்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சார் சொன்னாலும், சேர்ந்த வாரத்திலேயே நினைவுபடுத்துங்கள்.