நெறிமுறைக் குழு விண்ணப்பம்: அபாயங்களை மறைக்காமல் "அபாயங்களும் பயன்களும்" பகுதியைச் சுருக்குவது எப்படி?

மனிதர்களிடம் நடத்தும் ஓர் ஆய்வுக்கு அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு நான் முதன்முதலில் எழுதிய விண்ணப்பத்தில் இந்தப் பகுதி மட்டும் இரண்டரைப் பக்கம் ஓடியது. சுருக்கித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அரைப் பக்கமாக்கி அனுப்பினேன். அடுத்து வந்தது ஒரே ஒரு கேள்வி: "ஒன்பதாவது கேள்விக்கு ஒருவர் என்ன விடை போட்டார் என்பதை யார், எத்தனை மணி நேரத்துக்குள் பார்ப்பார்?" என்னிடம் பதில் இல்லை. நான் வெட்டியதில் வார்த்தைகளோடு சேர்ந்து ஒரு அபாயமும் போயிருந்தது.

அதே ஆய்வையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். சர்க்கரை நோய் உள்ள 200 பேர். ஒவ்வொருவரிடமும் ஒரு முறை 5 மி.லி. இரத்தம் எடுக்க வேண்டும். பிறகு மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை அவர்களே நிரப்ப வேண்டும். அவ்வளவுதான்.

படி 1: வெட்டுவதற்கு முன் எண்ணுங்கள்

அபாயப் பகுதியை மூடி வைத்துவிட்டுச் செய்முறைப் பகுதியைத் திறங்கள். பங்கேற்பவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்பிப் போய், அவருடைய தகவல் அழிக்கப்படும் நாள் வரை அவர் கூடவே நடந்து பாருங்கள். எங்கெல்லாம் அவருக்கு ஏதாவது ஆகலாமோ அங்கெல்லாம் ஒரு எண் போடுங்கள்.

எனக்கு ஐந்து வந்தன. ஊசி குத்திய இடத்தில் வலியும் இரத்தக்கட்டும். இரத்தம் எடுக்கும்போது மயக்கம். கேள்விகள் கிளறும் மனவேதனை, அதிலும் தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வி. விடைத்தாள் வேறு யார் கண்ணிலாவது படுவது. ஐந்தாவதை நான் எதிர்பார்க்கவே இல்லை. செய்முறையில் "8 மணி நேரம் வெறும் வயிற்றில் வரவும்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் பேருந்தில் வந்தால் வழியிலேயே சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். ஊசிக் காயத்துக்கு நான்கு வரி எழுதிய நான், இதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இந்தப் பட்டியலைத் தனித்தாளில் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கி முடித்த பிறகும் இதே ஐந்தும் இருக்க வேண்டும்.

படி 2: எது கொழுப்பு, எது பூச்சு என்று பிரியுங்கள்

நான் அனுப்பிய அரைப் பக்கத்திலிருந்து ஒரு பத்தி:

> இந்த ஆய்வில் பெரிய ஆபத்துகள் ஏதுமில்லை. பயிற்சி பெற்ற பணியாளர்கள் உரிய முன்னெச்சரிக்கையுடன் இரத்தம் எடுப்பதால் சிறு அசௌகரியம் மட்டுமே ஏற்படலாம். சில கேள்விகள் சிலருக்கு லேசான மனச்சங்கடம் தரக்கூடும். தகவல்கள் முழுமையாகப் பாதுகாக்கப்படும்.

குட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் பூச்சு. "சிறு", "லேசான", "மட்டுமே" என்பவை அளவுச் சொற்கள் போலத் தெரியும். ஆனால் எதையும் அளப்பதில்லை. "அசௌகரியம்" என்ற சொல்லுக்குள் வலி, இரத்தக்கட்டு, மயக்கம் மூன்றும் ஒளிந்துகொண்டன. "பாதுகாக்கப்படும்" என்றால் யார் பாதுகாப்பார், எங்கே? இன்னொன்றையும் கவனியுங்கள்: முன்னெச்சரிக்கையை முதலில் சொல்லி, "அதனால்" என்று அபாயத்தைக் கரைத்துவிடும் வாக்கிய அமைப்பு. படிப்பவர் மனதில் அபாயம் பதிவதற்குள் அது தீர்ந்துபோன மாதிரி ஆகிவிடுகிறது.

கொழுப்பு என்பது வேறு. சர்க்கரை நோய் பற்றிய முன்னுரை, வேறு பகுதியில் ஏற்கெனவே சொன்ன செய்முறை, ஒரே பாதுகாப்பு ஏற்பாட்டை மூன்று இடத்தில் சொல்வது. என் இரண்டரைப் பக்கத்தில் முக்கால்வாசி இதுதான். இதைத் தயங்காமல் வெட்டலாம்.

படி 3: ஒவ்வொரு அபாயத்துக்கும் நான்கு விடை

என்ன ஆகும்? எவ்வளவு பேருக்கு, எவ்வளவு கடுமையாக? நாங்கள் என்ன செய்வோம்? அதற்குப் பிறகும் என்ன மிஞ்சும்? இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எத்தனை பேருக்கு என்பதற்கு நம்பத்தக்க எண் கிடைக்கவில்லை என்றால், "இதற்கான எண் எங்களிடம் இல்லை" என்றே எழுதுங்கள். "அரிதாக" என்று ஒப்பேற்ற வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது நான்காவதை. ஒன்பதாவது கேள்வி, கடந்த 2 வாரங்களில் செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று கேட்கிறது. அறவே இல்லை என்றால் விடை 0. விடைத்தாள்களை மாதக் கடைசியில் மொத்தமாகக் கணினியில் ஏற்றுவதுதான் என் பழைய திட்டம். அதாவது, ஒருவர் உதவி தேவை என்று எழுதிக் கொடுத்த தாள் வாரக்கணக்கில் அலமாரியில் கிடந்திருக்கும். திருத்தி எழுதியது இது:

> ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. ஏற்கெனவே வேதனையில் இருப்பவரை அது மேலும் கலங்கவைக்கலாம். எத்தனை பேருக்கு என்று எங்களிடம் எண் இல்லை. தாளை வாங்கியவுடன் ஆய்வாளர் அந்த விடையைப் பார்ப்பார். விடை 0 அல்ல என்றால், பங்கேற்பவர் கிளம்பும் முன் குழுவின் மனநல மருத்துவர் அவரிடம் பேசுவார். அந்த நிலையில் அவருடைய விடை இரகசியமாக இராது. இதை ஒப்புதல் படிவத்தில் முன்பே சொல்கிறோம். எண்ணத்தை மறைத்து 0 போடுபவரை எங்களால் அறிய முடியாது.

பழைய "லேசான மனச்சங்கடம்" வாக்கியத்தைவிட இது நீளம்தான். நீளட்டும். ஊசிக் காயத்துக்கு ஒன்றரை வரி போதும்: "குத்திய இடத்தில் வலியும் சில நாள் இரத்தக்கட்டும் இருக்கலாம், சிலர் மயங்கலாம் என்பதால் படுக்கவைத்து எடுப்போம்." எல்லா அபாயத்துக்கும் ஒரே நீளம் கொடுத்தால் பெரியது சிறியதோடு கலந்து மறைந்துவிடும்.

படி 4: அபாயத்தை நீக்க முடியுமானால், எழுத்தில் அல்ல, செய்முறையில் நீக்குங்கள்

வெறும் வயிற்று அபாயத்தை முறையாக எழுதினால் ஆறு வரி ஆனது: வந்தவுடன் விரல்நுனியில் சோதனை, 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இருந்தால் உடனே குளுக்கோஸ், வழியில் தாழ்ந்தால் எங்களால் எதுவும் செய்ய முடியாது என்ற ஒப்புதல். எழுதி முடித்த பிறகுதான் கேட்டுக்கொண்டேன்: வெறும் வயிறு எதற்கு? எனக்குத் தேவைப்பட்டது எச்.பி.ஏ.1.சி. மட்டுமே. அது இரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் எடுக்கலாம். பழைய விண்ணப்பம் ஒன்றிலிருந்து அந்த வரியை நகலெடுத்திருக்கிறேன்! செய்முறையில் அதை எடுத்தேன். ஆறு வரியும் போயின. பட்டியலிலிருந்து ஓர் எண்ணை அடிக்க உங்களுக்கு உரிமை உண்டாவது இப்படி மட்டும்தான்.

படி 5: பயன்கள்

இதற்கு அதிகம் வேண்டாம். பயணப்படி, உணவு, பங்கேற்புத் தொகை எதுவும் பயன் அல்ல. அவற்றைத் தராசின் மறுதட்டில் வைத்து அபாயத்தை ஈடுகட்டக் கூடாது. சோதனை முடிவை அவரவருக்குத் தருவீர்களா? தந்தால் அது பயன். தராவிட்டால் "இலவசப் பரிசோதனை" என்று எழுதாதீர்கள். என் இறுதி வடிவம்: "பங்கேற்பவருக்கு எச்.பி.ஏ.1.சி. முடிவு ஒரு வாரத்தில் தரப்படும். வேறு நேரடிப் பயன் இல்லை. சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வை எப்போது சோதிப்பது என்று முடிவெடுக்க இந்தத் தரவு உதவக்கூடும்." "உதவும்" அல்ல, "உதவக்கூடும்". பயனில் தயங்குவது நேர்மை. அபாயத்தில் "ஏற்படக்கூடும்" என்பதை ஒரு முறைக்கு மேல் எழுதினால் அது பூச்சு.

படி 6: ஒத்துப் பாருங்கள்

தனித்தாள் பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணையும் புதிய வடிவில் விரல் வைத்துக் காட்டுங்கள். பிறகு ஒப்புதல் படிவத்திலும் அதையே செய்யுங்கள். குழுவிடம் "தற்கொலை எண்ணம்" என்றும் பங்கேற்பவரிடம் "உணர்வு சார்ந்த கேள்விகள்" என்றும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். கடைசியாக, ஆய்வைப் பற்றித் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லி, "இதில் சேர்ந்தால் உங்களுக்கு என்னவெல்லாம் ஆகலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லாமல் விட்டது எதுவோ, அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.