0 என்பது கடலா, தரையா? திருகோணமலை வட்டாரங்களின் சராசரி உயரம் எடுக்கும்போது

போன மாதம் ஒரு பயிற்சியில் ஒரு தங்கச்சி மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "என்னக்கா, உவர்மலைப் பக்கத்து வட்டாரமும் கிண்ணியா வட்டாரமும் கிட்டத்தட்ட ஒரே உயரமாக் கிடக்கு?" உவர்மலை ஏற்றத்தில் ஒருநாள் சைக்கிள் மிதித்தவர்களுக்கே தெரியும், அது நடக்காது என்று. ஆனால் அட்டவணை அப்படித்தான் சொன்னது. சில வருடங்களுக்கு முன் என் அட்டவணையும் இதையேதான் சொன்னது. நான் அதை நம்பி அனுப்பியும் விட்டேன்.

கோப்பைத் திறக்கத் தெரியாதது, தவறான பட்டனை அழுத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே பிடிபட்டுவிடும். பிடிபடாத தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மாவட்ட எல்லையில் ஒட்ட வெட்டுவது

ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு உயரம் பதிந்த படம்தான் உயர ராஸ்டர். அது பெரியது. விண்ணோட ராடார் அளவான எஸ்.ஆர்.டி.எம். தரவில் 1 பாகைக்கு 1 பாகை ஒரு ஓடு, ஒவ்வொன்றிலும் 3601 × 3601 பிக்சல்கள். நம்முடைய மாவட்டத்துக்கு N08E080, N08E081 இரண்டும் கட்டாயம் வேண்டும். வடக்கு எல்லை கொக்கிளாய்க் களப்புப் பக்கம் 9 பாகையைத் தொட்டு நிற்பதால் N09E080-ஐயும் சேர்த்துவிடுவேன். இத்தனையையும் முழுதாக வைத்துக்கொண்டு வேலை செய்தால் கணினி இழுக்கும். அதனால் வெட்டுகிறோம்.

வெட்டுவது பாரத்தைக் குறைக்க மட்டும்தான். வட்டாரப் பொலிகனுக்குள் எந்தப் பிக்சல் விழுகிறது என்பதை, சராசரி எடுக்கும் QGIS கருவியான Zonal statistics தானே பார்த்துக்கொள்ளும். ஆகவே மாவட்டக் கோட்டில் மயிரிழை பிசகாமல் வெட்டுவதால் ஒரு லாபமும் இல்லை, நட்டம் உண்டு. மாவட்ட எல்லைக் கோப்பு ஓரிடத்திலிருந்தும் வட்டாரக் கோப்பு வேறோரிடத்திலிருந்தும் வந்திருக்கும். ஒன்றில் கரையோரம் நுணுக்கமாக வரையப்பட்டிருக்கும், மற்றதில் நேர்கோடாக இழுத்திருப்பார்கள். மாவட்டக் கோடு உள்ளே வந்து, வட்டாரக் கோடு வெளியே நிற்கிற இடங்களில் உண்மையான தரையை நாமே வெட்டி எறிந்துவிடுகிறோம்.

மாவட்ட எல்லையை மீற்றர் அளவில் உள்ள ஒரு ஆள்கூற்று முறைக்கு, இலங்கைக்கு EPSG:5235, மாற்றி, 1 கிலோமீற்றர் பஃபர் போட்டு, அந்தப் பஃபரால் வெட்டுங்கள்:

```
gdalbuildvrt trinco.vrt N08E080.hgt N08E081.hgt N09E080.hgt
gdalwarp -cutline trinco_buffer.gpkg -crop_to_cutline -dstnodata -32768 trinco.vrt trinco_dem.tif
```

கடைசியில் உள்ள `-dstnodata` முக்கியம். இங்கே மதிப்பே இல்லை, கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் எண்தான் nodata. மூலக் கோப்பில் அது குறிக்கப்படாமல் இருந்து, நீங்களும் சொல்லாமல் விட்டால், வெட்டுக்கோட்டுக்கு வெளியே உள்ள பிக்சல்களெல்லாம் 0 ஆகிவிடும். QGIS பெட்டியிலும் அந்த இடம் "Not set" என்றுதான் வெறுமையாக நிற்கும். திரையில் அது கறுப்பாகத் தெரியும், வெட்டு சரியாக விழுந்த மாதிரியே இருக்கும். ஆனால் கணக்குக்கு அது கடல்மட்டத் தரை.

0-வைப் புரிந்துகொள்ளாமல் சராசரி எடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருகிற தவறு இதுதான். இதில் இரண்டு பக்கமும் விழலாம்.

திருகோணமலை நகரத்தின் இருப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவே ஒடுங்கிய தரை. கோணேசர் கோயில் நிற்கும் பாறை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. இப்படிப்பட்ட ஊரில் வட்டார எல்லையை வரைந்தவர் கரையோரத்தைச் சுற்றிச் சுற்றி வரையாமல், தண்ணீருக்கு மேலாக ஒரு கோடு இழுத்து முடித்திருப்பார். நிர்வாக எல்லைக்கு அதில் பிழை இல்லை. ஆனால் உயர ராஸ்டரில் கடல் வெற்றிடம் அல்ல. எஸ்.ஆர்.டி.எம்.மிலும் சரி, கொப்பர்நிக்கஸ் 30 மீற்றர் தரவிலும் சரி, கடலுக்கு 0 என்று ஒரு மதிப்பு இருக்கிறது. `-dstnodata` சரியாகக் கொடுத்திருந்தாலும் இந்த 0 அப்படியே இருக்கும், ஏனென்றால் அது வெட்டுக்கு வெளியே அல்ல, உள்ளே இருக்கிறது.

நான் அனுப்பிய பட்டியலில் நடந்ததை, எண்களைச் சற்று மட்டந்தட்டிச் சொல்கிறேன். துறைமுகக் கரையோர வட்டாரம் ஒன்றின் பொலிகனுக்குள் 500 பிக்சல்கள். அதில் 320 தரை, 180 கடல். தரையின் சராசரி 14 மீற்றர்.

320 × 14 = 4480. இதை 320-ஆல் வகுக்க வேண்டும். QGIS 500-ஆல் வகுத்தது. விடை 8.96 மீற்றர்.

கருவி செய்தது பிழையில்லை. நான் பொலிகனின் சராசரியைக் கேட்டேன், அது பொலிகனின் சராசரியைத் தந்தது. வட்டாரத்தில் ஆட்கள் வாழ்கிற தரையின் சராசரி வேறு என்பது எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் வெள்ளத்துக்கு முன் எந்த வட்டாரத்தை முதலில் போய்ப் பார்ப்பது என்று தீர்மானிக்கக் கேட்கப்பட்டது. மேட்டில் உள்ள வட்டாரங்கள் கீழே இறங்கி, உண்மையிலேயே பள்ளமான வட்டாரங்களுக்கு முன்னால் போய் நின்றன. ஊரை அறிந்த ஒரு அலுவலர் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவிலயா தண்ணி நிக்குது?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கிழமை வேலையைத் திரும்பச் செய்தேன்.

சரி, கடல் 0 என்றால் 0-வை nodata ஆக்கிவிட்டால் போயிற்றே? பயிற்சியில் அந்தத் தங்கச்சியும் உடனே அதைத்தான் செய்தாள். "0-வை nodata ஆக்கிட்டன் அக்கா, இப்ப உவர்மலை சரியா வந்திட்டு." உவர்மலை சரியாக வந்தது. கிண்ணியா கெட்டது.

கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கமெல்லாம் மகாவலி மண்ணும் களப்போரமும் கலந்த தாழ்ந்த தரை. எஸ்.ஆர்.டி.எம். முழு எண்களில் உயரம் தருகிறது. அரை மீற்றருக்குக் குறைவான தரை அங்கே 0 ஆகத்தான் பதிவாகும். ராடார் இரைச்சலால் -1, -2 கூட வரும். முழுவதும் தரையாக 600 பிக்சல்கள் உள்ள ஒரு வட்டாரத்தை எடுங்கள். 150 பிக்சல்கள் 0. 30 பிக்சல்கள் -1. மீதி 420-இன் சராசரி 2 மீற்றர். கூட்டுத்தொகை 840 - 30 = 810. 600-ஆல் வகுத்தால் 1.35 மீற்றர். 0-வைத் தூக்கிவிட்டால் 450-ஆல் வகுபடும், விடை 1.8. மாவட்டத்திலேயே மிகத் தாழ்ந்த இடங்களை அழித்துவிட்டு, அந்த வட்டாரம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறோம். வெள்ளப் பட்டியலுக்கு இது முதல் தவறைவிட ஆபத்தானது. முதல் தவறு மேட்டுக்கு ஆளை அனுப்பும். இது பள்ளத்துக்குப் போகவேண்டிய ஆளை நிறுத்திவைக்கும்.

கடல் எது, தரை எது என்பதை உயர மதிப்பிடம் கேட்கக் கூடாது என்பதே நான் கண்ட தீர்வு. அதைக் கரையோரக் கோட்டிடம் கேளுங்கள். OpenStreetMap-இல் இருந்து நிலப் பொலிகனை எடுத்து, வட்டாரப் பொலிகன்களை அதனால் வெட்டி, தரைப் பகுதி மட்டும் உள்ள புதிய வட்டாரக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். ராஸ்டரில் கை வைக்கவே வேண்டாம். அந்தப் புதிய கோப்பின் மேல் Zonal statistics ஓட்டினால் கடல் 0 வெளியே போகும், கிண்ணியாவின் 0 உள்ளே நிற்கும். கரைக்கோட்டை மட்டும் செய்மதிப் படத்தின் மேல் போட்டு ஒருமுறை பாருங்கள். தம்பலகாமக் குடா ஓரத்தில் சேறும் கண்டலும் கலந்த இடங்களில் கோடு எங்கே போகிறது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு தவறையும் ஒரே சோதனையில் பிடிக்கலாம். நம் ஊர் அகலாங்கில் ஒரு எஸ்.ஆர்.டி.எம். பிக்சல் ஏறத்தாழ 940 சதுர மீற்றர். வட்டாரத்தின் தரைப் பரப்பைச் சதுர மீற்றரில் `land_m2` என்ற நிரலில் வைத்துக்கொண்டு, Zonal statistics எண்ணிய பிக்சல்களைத் தரும் `_count` நிரலோடு இதைக் கணக்கிடுங்கள்:

```
"_count" * 940 / "land_m2"
```

1-ஐ ஒட்டி வந்தால் சரி. என் துறைமுக வட்டாரத்துக்கு இது 1.56 வந்திருக்கும், அதாவது கடலையும் எண்ணியிருக்கிறது. 0-வைத் தூக்கிய கிண்ணியா வட்டாரத்துக்கு 0.75, அதாவது தரையைத் தொலைத்திருக்கிறது. வகுப்பது தரைப் பரப்பாக இருக்க வேண்டும். முழுப் பொலிகனின் பரப்பால் வகுத்தால் கடலை எண்ணியபோதும் 1 என்றே காட்டி ஏமாற்றிவிடும். `_mean` மட்டும் பார்த்துவிட்டு `_count`-ஐ அழித்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பதறுகிறது.

மரத்தின் உச்சியைத் தரை என்று எழுதுவது

எஸ்.ஆர்.டி.எம். 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளந்தது. கொப்பர்நிக்கஸும் ராடார் அளவுதான், பத்து வருடங்களுக்கு மேல் பிந்தியது. இரண்டும் அடர்ந்த மரங்களுக்கு அடியில் உள்ள தரையை முழுதாகக் காண்பதில்லை. குச்சவெளிக்கு மேற்கே காடு நிறைந்த பிரிவுகளில் சராசரி சில மீற்றர் கூடுதலாக வரும். மேட்டுக் காட்டில் அது பெரிய விசயமில்லை. கரையோரத்தில் 2 மீற்றரா 5 மீற்றரா என்பதுதான் கேள்வி என்றால், பனையும் தென்னையும் நிறைந்த வட்டாரத்தை வெட்டவெளி வட்டாரத்தோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்த வேண்டாம்.

குளம்

கந்தளாய்க் குளத்தின் பிக்சல்கள் நீர்மட்டத்தின் உயரம், அடிநிலத்தின் உயரம் அல்ல; குடியிருப்பு உயரம் வேண்டுமானால் குளத்தையும் வட்டாரத்திலிருந்து வெட்டிவிடுங்கள்.

வட்டாரமும் கிராம சேவகர் பிரிவும்

இரண்டும் ஒன்றல்ல. கேட்டவர் எதைக் கேட்டார் என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

ஒற்றை எண்ணோடு நிறுத்துவது

பாறையும் கடற்கரையும் ஒரே வட்டாரத்துக்குள் கிடக்கிற ஊர் இது. 14 மீற்றர் சராசரி உள்ள வட்டாரத்தில் 40 மீற்றர் மேடும் இருக்கலாம், ஆட்கள் நெருக்கமாக இருக்கிற 2 மீற்றர் கரையும் இருக்கலாம். Zonal statistics பெட்டியில் Minimum, Median இரண்டையும் சேர்த்தே தெரிவு செய்யுங்கள். Minimum நிரலில் -32768 தலைகாட்டினால் nodata எங்கோ தொலைந்துவிட்டது, திரும்ப `gdalwarp` படிக்குப் போங்கள். சராசரியும் Median-உம் வெகுதூரம் விலகி நிற்கிற வட்டாரங்களைத் தனியாக எழுதி, அவற்றுக்கு மட்டும் 5 மீற்றருக்குக் கீழே எத்தனை பிக்சல் என்று எண்ணி, அந்த எண்ணைச் சராசரிக்குப் பக்கத்திலேயே கொடுங்கள்.