அஞ்சு பேர் வீட்டு நெட்டுக்கு எத்தனை எம்பிபிஎஸ் ஸ்பீடு வேணும்? ராத்திரி ஒம்பது மணிக் கணக்கு

வில்லாபுரத்துல எங்க அக்கா வீடு. அக்கா, அத்தான், அத்தானோட அம்மா, காலேஜ் படிக்கிற பொண்ணு, பிளஸ் ஒன் பையன்னு மொத்தம் அஞ்சு பேர். வீட்டு நெட்டுக்கு 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் பின்னாடி ரூம்ல வீடியோ சுத்திக்கிட்டே நிக்குதுன்னு அத்தான் 300க்கு மாறலாம்னு இருந்தாரு, நான் ஒரு நாள் பொறுங்கன்னு சொல்லி ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு உக்காந்தேன். அன்னைக்குப் போட்ட கணக்க அப்படியே சொல்றேன், நீங்க உங்க வீட்டுக்கு மாத்திப் போட்டுக்கங்க.

முதல்ல, வீட்டுல எத்தனை போன் இருக்குன்னு எண்ணாதீங்க. ஒரே நேரத்துல எத்தனை ஓடுதுங்கறதுதான் கணக்கு. பெரும்பாலான வீட்டுல அது ராத்திரி ஒம்பது மணி. அக்கா வீட்டுல அந்த நேரத்துல ஹால் டிவில படம் ஓடும், ஹெச்டில பாத்தா 5 எம்பிபிஎஸ் போதும். பாட்டி போன்ல யூடியூப்ல பக்திப் பாட்டு வீடியோ, சின்ன ஸ்கிரீன்தான, 3 வச்சுக்கலாம். அத்தானுக்கு ஆபீஸ் வீடியோ கால் 4, பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ் 4. பையன் கேம் ஆடுறான், கேம்தான் ரொம்ப இழுக்கும்னு நெனைப்போம் ஆனா ஆடும்போது 1 கூட முழுசா ஆகாது, அதுக்கு வேணுங்கறது ஸ்பீடு இல்ல, தடங்கல் இல்லாத லைன். கூட்டுனா 17தான் வருது.

டிவி 4கேன்னா அந்த 5 இருக்குற எடத்துல 20 போடுங்க, மொத்தம் 32 ஆயிரும். போன் அப்டேட், போட்டோ பேக்கப்னு நமக்குத் தெரியாம பின்னாடி ஓடுறதுக்கு இன்னொரு பாதி சேத்தா 48. ஆக 50 எம்பிபிஎஸ் பிளான் போதும். பையன் 40 ஜிபி கேம் ஒன்னு எறக்குனா 50ல ஏறக்குறைய ஒன்னே முக்கால் மணி நேரம் ஆகும், அத படுக்கப் போகும்போது போட்டுவிட்டா யாருக்கும் தொந்தரவில்ல. தினமும் பெரிய ஃபைல் ஏத்தி எறக்குற வேலை வீட்டுல யாருக்காவது இருந்தா மட்டும் 100 பத்தி யோசிங்க.

அப்ப 200 இருந்தும் ஏன் சுத்துச்சு? இதுதான் முக்கியம். போன எடுத்துக்கிட்டு மோடம் பக்கத்துல நின்னு, ஸ்பீடு அளந்து காட்டுற fast.com தொறந்தேன், 180 காட்டுச்சு. அதே போனோட பின்னாடி ரூம் கட்டில்ல உக்காந்து பாத்தேன், 11. பாட்டி, டிவி, அத்தான் கால் எல்லாம் இருக்குற அந்தப் பக்கம் மோடத்துல இருந்து ரெண்டு செங்கல் சுவர் தாண்டி, நடுவுல ஒரு இரும்பு பீரோ வேற. 300 வாங்கியிருந்தாலும் அங்க 11தான் வந்திருக்கும். மோடத்த வாசல் ஷெல்ஃப்ல இருந்து எடுத்து நடு ஹால்ல ஆளு ஒசரத்துக்கு மாட்டச் சொன்னோம், லைன்மேன் வந்து ஒயர இழுத்துக் குடுத்தாரு. டிவிக்கு மட்டும் லேன் கேபிள் போட்டோம். இப்ப பின்னாடி ரூம்ல 45க்கு மேல வருது.

வைஃபை பேர்ல ரெண்டு வந்தா, கடைசியில 5Gன்னு இருக்குறது பக்கத்துல வேகமா இருக்கும் ஆனா சுவரத் தாண்டுனா சட்டுனு படுத்துரும், தூரத்து ரூமுக்கு இன்னொன்னுதான் லாயக்கு. இந்த 5Gக்கும் மொபைல் 5ஜிக்கும் சம்பந்தம் கெடையாது.

இன்னொரு சோதனையும் பண்ணிருங்க. மோடம் பக்கத்துலயே நின்னு மத்தியானம் ஒரு தடவ, ராத்திரி ஒம்பதுக்கு ஒரு தடவ பாருங்க. மத்தியானம் முழு ஸ்பீடு வந்து ராத்திரி மட்டும் பாதிக்குக் கீழ போனா தெருவுக்கு வர்ற லைன்லயே நெரிசல். அதுக்குப் பெரிய பிளான் மருந்து இல்ல, கம்பெனிய மாத்தணும். மாத்துறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல எந்த லைன், ராத்திரி எப்படி இருக்குன்னு கேட்டுக்கங்க.

இப்ப காசு. விளம்பரத்துல போடுற விலைக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். 50 பிளான் 499, 200 பிளான் 899னு வச்சுக்குவோம், கைல இருந்து போறது 589ம் 1061ம். மாசம் 472 வித்தியாசம், வருசத்துக்கு 5,600 ரூவாய்க்கு மேல. ஓடிடி சேத்துத் தர்ற பிளான்னா அதுல நீங்க நெசமாவே பாக்குறது எதுன்னு மட்டும் பாருங்க, மத்தது கணக்குல சேராது.

அன்லிமிடெட்னு போட்டிருந்தாலும் எத்தனை ஜிபிக்கு மேல ஸ்பீடு கொறையும்னு கேளுங்க. ஹெச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ரெண்டே கால் ஜிபி எடுக்கும், தினம் நாலு மணி நேரம் டிவி ஓடுனா மாசம் 270 ஜிபி. அஞ்சு பேரும் சேந்து தாராளமா ஓட்டுனாலும் ஆயிரம் ஜிபி ஆகுறது கஷ்டம். அப்லோடு ஸ்பீடு எவ்வளவுன்னும் கேளுங்க, அது கம்மியா இருந்தா வீடியோ கால்ல நம்ம மூஞ்சி எதிராளிக்கு உறைஞ்சு போய்த் தெரியும்.

ஆறு மாசத்துக்கு மொத்தமா கட்டுனா கொறச்சுத் தர்றேன்னு சொல்லுவாங்க. அத்தான் முன்னாடி அப்படிக் கட்டித்தான் மாட்டிக்கிட்டாரு, நடுவுல லைன் படுத்தப்போ பணம் திரும்பல. முதல் மாசம் மட்டும் கட்டுங்க, ராத்திரி ஒம்பது மணிக்கு பின்னாடி ரூம்ல உக்காந்து பாருங்க, சரியா இருந்தா அப்புறம் மொத்தமா கட்டிக்கலாம்.