ஒப்புதல் தந்தார், சரி, எதற்குத் தந்தார்? தரவுப் பாதுகாப்புச் சட்ட விடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நூலகச் செயலி, புதிதாகச் சேருபவரிடம் கைப்பேசி எண்ணைக் கேட்கிறது. இரவல் பெற்ற நூலைத் திருப்பித் தரவேண்டிய நாளை நினைவூட்டுவதற்காக என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறது. அவர் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்துகிறார். ஆறு மாதம் கழித்து, செயலியை நடத்தும் நிறுவனம் அந்த எண்களை ‘ஹேஷ்’ செய்து, அதாவது ஒவ்வொன்றையும் படித்தால் புரியாத எழுத்துக் கோவையாக மாற்றி, ஒரு விளம்பர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. இது சட்டமீறலா?

இத்தகைய வினாவுக்கு வரும் விடைகளில் பாதி, “உறுப்பினர் ஒப்புதல் தந்திருக்கிறார், எனவே மீறல் இல்லை” என்று தொடங்கும். மீதிப் பாதி, “விளம்பரத்துக்கு ஒப்புதல் இல்லை, எனவே மீறல்” என்று தொடங்கும். இரண்டாவது விடை சரியான ஊருக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆனால் வழியில் பார்க்கவேண்டிய எதையும் பார்க்கவில்லை. இரண்டுமே ஒப்புதலை முதல் கேள்வியாக வைக்கின்றன. உண்மையில் அது மூன்றாவது கேள்வி. இது தனிநபர் தரவா, எந்த நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகுதான் ஒப்புதலைப் பற்றிப் பேசவே முடியும்.

முதல் கேள்வியில் நடக்கும் தவறு, ‘தனிநபர் தரவு’ என்பதை ‘இரகசியத் தரவு’ என்று படித்துக்கொள்வது. கைப்பேசி எண்ணைப் பலருக்கும் கொடுக்கிறோம், அதில் என்ன இரகசியம் என்று சிலர் எழுதுகிறார்கள். கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலத் தகவல் போன்றவற்றை மட்டும் தனிவகையாகப் பிரித்த 2011ஆம் ஆண்டு விதிகளைப் படித்த பழக்கம் இது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, அந்தப் பிரிவினையை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு தரவால், அல்லது அதன் தொடர்பில், அடையாளம் காணத்தக்க ஒரு தனிமனிதரைப் பற்றிய எந்தத் தரவும் தனிநபர் தரவே. அது அந்தரங்கமானதா, அற்பமானதா என்பது கேள்வியே இல்லை.

இன்னும் நுட்பமான தவறு, ஹேஷ் செய்துவிட்டால் அடையாளம் அழிந்துவிட்டது என்று நம்புவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியக் கைப்பேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக, இருக்கக்கூடிய எண்கள் மொத்தமே 400 கோடி. கூடுதலாக இரகசியச் சாவி எதுவும் கலக்காத வழக்கமான ஹேஷ் முறை என்றால், அத்தனை எண்களுக்கும் கோவைகளை ஒரு சாதாரணக் கணினியே ஒரு நாளுக்குள் உருவாக்கிவிடும். பிறகு எந்தக் கோவை எந்த எண்ணுடையது என்பது அட்டவணையில் தேடும் வேலைதான். அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை. விளம்பர நிறுவனம் தன்னிடமுள்ள எண்களையும் அதே முறையில் ஹேஷ் செய்து, பொருந்துகிறவற்றை எடுத்துக்கொள்ளும். இரு பட்டியல்களிலும் இருப்பவர் ஒரே ஆள் என்று கண்டுகொள்வதற்காகவே இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. அடையாளம் காண முடியாத தரவுக்கு அந்த நிறுவனம் ஏன் காசு கொடுக்கப் போகிறது?

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மாறும் ஐ.பி. முகவரி பற்றிய பிரையர் வழக்கில் (2016) ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், தரவை வைத்திருப்பவருக்கு ஆளை அடையாளம் காணச் சட்டப்படியான, நடைமுறையில் சாத்தியமான வழி இருக்கிறதா என்று பார்த்தது. பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கண்டுபிடிக்கும் வழி ஏட்டளவில் மட்டும் இருந்தாலும் போதாது. ஆகவே விடையில் ‘இது தனிநபர் தரவு’ என்று மொட்டையாக எழுதாமல், யார் கையில், எந்த வழியால் என்று எழுத வேண்டும்.

இனி நோக்கம். அதிக மதிப்பெண் பறிபோகும் இடம் இதுதான். 2023 சட்டத்தில் ‘குறிப்பிட்ட நோக்கம்’ என்பதற்கு வரையறை உண்டு: தரவுக்கு உரியவரிடம் தரப்பட்ட அறிவிப்பில் சொல்லப்பட்ட நோக்கம். நிறுவனம் மனதில் வைத்திருந்த நோக்கமோ, பின்னால் தோன்றிய நோக்கமோ அல்ல. 6ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்புதல் சுதந்திரமாக, குறிப்பானதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமற்றதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அது அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவோடு நின்றுவிடும் என்கிறது. மாணவர்கள் அந்த ஐந்து அடைமொழிகளை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, அடுத்து வரும் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் தொலைமருத்துவச் செயலியைத் தரவிறக்குகிறார். மருத்துவச் சேவைக்காக அவருடைய தரவைப் பயன்படுத்தவும், கைப்பேசியிலுள்ள தொடர்புப் பட்டியலைத் திறக்கவும் செயலி ஒப்புதல் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். தொலைமருத்துவத்துக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை. ஆகவே அவருடைய ஒப்புதல் மருத்துவச் சேவையோடு நிற்கிறது. இங்கே யாரும் ஏமாற்றப்படவில்லை, அறிவிப்பிலும் குறையில்லை, அவர் வாயாலேயே சரி என்றும் சொன்னார். அப்படியிருந்தும் அந்தச் ‘சரி’ செல்லவில்லை. நோக்கம்தான் ஒப்புதலின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நன்றாகப் படித்த மாணவர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் ‘இணக்கச் சோதனை’யை அவர் இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். அந்த விதிமுறையின் 5ஆம் உறுப்பு, முதல் நோக்கத்தோடு முரண்படாத அடுத்த நோக்கத்துக்கும் தரவைப் பயன்படுத்த இடம் தருகிறது. இரு நோக்கங்களுக்கும் உள்ள தொடர்பு, தரவு திரட்டப்பட்ட சூழல், தரவின் தன்மை, தரவுக்கு உரியவருக்கு நேரக்கூடிய விளைவு, பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றை எடைபோடச் சொல்கிறது 6ஆம் உறுப்பு. அப்படியொரு பொதுச் சோதனை 2023 சட்டத்தில் இல்லை. ஒப்புதலின் பேரில் திரட்டிய தரவை வேறு நோக்கத்துக்குக் கொண்டுபோக, புதிய அறிவிப்பும் புதிய ஒப்புதலும் வேண்டும்; அல்லது 7ஆம் பிரிவு பட்டியலிடும் நியாயமான பயன்பாடுகளில் ஒன்றில் அது அடங்க வேண்டும். ஐரோப்பாவிலுள்ள ‘ஒப்பந்தம்’, ‘நியாயமான நலன்’ ஆகிய பொதுவான அடிப்படைகள்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

இணக்கச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஹங்கேரியின் டிஜி வழக்கு உதவும். அந்த இணையச் சேவை நிறுவனத்தின் சர்வரில் 2018 ஏப்ரலில் கோளாறு ஏற்பட்டது. அதைச் சரிசெய்யும்போது, தனிநபர் வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் தரவை நகலெடுத்து ஒரு சோதனைத் தரவுத்தளத்தை உருவாக்கினார்கள். வேலை முடிந்தது, நகலை அழிக்க மறந்துபோனார்கள். 2019 செப்டம்பரில் ஒரு நல்லெண்ண ஹேக்கர், ஏறத்தாழ 3,22,000 பேரின் தரவைத் தன்னால் அடைய முடிந்தது என்று நிறுவனத்துக்குத் தெரிவித்தார். நிறுவனம் ஹங்கேரியின் தரவுப் பாதுகாப்பு அமைப்புக்குத் தானே தகவல் சொன்னது. அபராதம் 10 கோடி ஃபோரிண்ட்.

வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. 2022இல் வந்த தீர்ப்பைப் பலரும் தலைகீழாக எழுதுகிறார்கள். நகலெடுத்ததே நோக்க வரம்பை மீறியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சேவையைத் தடையின்றித் தருவதற்காகக் கோளாற்றைச் சரிசெய்வது, சந்தா ஒப்பந்தத்துக்காகத் திரட்டிய தரவின் முதல் நோக்கத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது. வாடிக்கையாளரும் அதை எதிர்பார்த்திருக்கக் கூடியவரே. ஆனால் சோதனைக்குத் தேவையான காலத்தைத் தாண்டி நகலை வைத்திருப்பதற்கு, சேமிப்பு வரம்பு என்ற இன்னொரு கொள்கை இடம் தராது. ஒரே நகல், ஒரு கொள்கையில் தப்பிக்க முடிந்தது, இன்னொன்றில் சிக்கியது. ‘தவறாகப் பயன்படுத்தினார்கள்’ என்று இரண்டையும் சேர்த்துக் குழப்பும் விடைக்கு மதிப்பெண் போடக் கை வராது. டிஜியின் தரவு ஒப்பந்த அடிப்படையில் வந்தது என்பதையும் கவனியுங்கள். ஒப்புதலில் வந்த தரவுக்கு ஐரோப்பாவிலும் இந்தச் சலுகை இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

மூன்றாவது கேள்வியான ஒப்புதலுக்கு வந்தால், பொத்தானை அழுத்தினார் என்பதோடு விடையை நிறுத்துவது தவறு. எந்தப் பொத்தான், அதில் என்ன எழுதியிருந்தது? பிளானெட்49 என்ற ஜெர்மானிய நிறுவனம் 2013இல் இணையத்தில் ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. குக்கீகளுக்கான சம்மதப் பெட்டி முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தது. பக்கத்தின் நிரலில் இதற்கு ஒரே ஒரு சொல் போதும்:

```html
<input type="checkbox" name="cookies" checked>
```

அந்த `checked` என்ற சொல் இருக்கும்வரை, பயனர் அந்த வரியைப் படித்துச் சம்மதித்தாரா, பார்க்காமலே கடந்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. 2019 தீர்ப்பில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதை ஒப்புதலாக ஏற்கவில்லை. போட்டியில் கலந்துகொள்ளும் பொத்தானை அவர் அழுத்தியதைக் குக்கீக்கும் சேர்த்துத் தந்த சம்மதமாகக் கொள்ள முடியாது என்றும் சொன்னது. இந்தியச் சட்டமும் தெளிவான உடன்பாட்டுச் செயலைக் கேட்கிறது. வழக்கென்று வந்தால், முறையாக அறிவித்து ஒப்புதல் பெற்றதை நிறுவனம்தான் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமையை உறுப்பினர் தலையில் வைத்து எழுதும் விடைகளும் வரத்தான் செய்கின்றன.

தேதியிலும் ஓர் எச்சரிக்கை. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்ததோடு சட்டம் முழுவதும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அங்கிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. வினாவில் நிகழ்வு நடந்த நாள் கொடுக்கப்பட்டிருந்தால், அது சும்மா கொடுக்கப்படவில்லை.

இப்போது நூலகச் செயலிக்குத் திரும்பலாம். அந்தப் பிரிவுகள் நடைமுறையில் உள்ள காலத்தில் இது நடந்ததாகக் கொள்வோம். ஹேஷ் செய்த எண், விளம்பர நிறுவனத்தின் கையில் ஒப்பிட்டுப் பார்த்து ஆளை அடையாளம் காட்டுகிறது; எனவே தனிநபர் தரவு. அறிவிப்பில் சொன்ன நோக்கம் நினைவூட்டல். விளம்பரம் அதில் இல்லை, 7ஆம் பிரிவிலும் அடங்கவில்லை. ஒப்புதல் செல்லுபடியானதுதான், ஆனால் நினைவூட்டலுக்கு மட்டும். எனவே கைமாற்றியது மீறல்; எண்ணைத் திரட்டியதோ, நினைவூட்டல் அனுப்பியதோ மீறல் அல்ல. அதே நூலகம், அதே எண்ணுக்குத் தானே ‘புதிய நூல்கள் வந்துள்ளன’ என்று செய்தி அனுப்பியிருந்தால்? எண் வெளியே போகவில்லை, யாருக்கும் பெரிய தீங்கும் இல்லை. ஆனாலும் அறிவிப்பில் நினைவூட்டல் மட்டுமே இருந்தது என்பதால், 2023 சட்டப்படி அதற்கும் தனியே கேட்டிருக்க வேண்டும்.