பிரெஞ்சில் ஓட்டல் அறை: தொலைபேசியில் பேச

லியோனில் மே 12 முதல் 15 வரை இருவருக்கு அறை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

"போன்ஜூர், ஜ வூத்ரே யூன் ஷாம்ப்ர் பூர் த பெர்சோன், து தூஸ் ஓ கேன்ஸ் மே." (இருவருக்கு ஓர் அறை, 12 முதல் 15 வரை.)
"அன் கிரான் லி, ஊ த லி?" (ஒரே பெரிய கட்டிலா, இரண்டு கட்டிலா?)
"த லி, சில் வூ ப்ளே. செ கோம்பியான் லா நுயி?" (இரண்டு கட்டில். ஓர் இரவுக்கு எவ்வளவு?)
"கத்ர-வேன்-கேன்ஸ் ஊரோ." (95 யூரோ.)
"ல ப்த்தி தெஜனே எ கோம்ப்ரி?" (காலை உணவும் சேர்த்தா?)
"நோன், தூஸ் ஊரோ பார் பெர்சோன்." (இல்லை, ஆளுக்கு 12 யூரோ.)
"தக்கோர். யூன் ஷாம்ப்ர் கால்ம், கோத்தே கூர்." (சரி. சத்தமில்லாத அறை, முற்றத்துப் பக்கம்.)

இதில் விலைதான் காதைக் குழப்பும். 95ஐ பிரான்சில் 'நான்கு இருபது பதினைந்து' என்றுதான் சொல்வார்கள். பாதி கேட்டால் 80 என்று தோன்றும். "புவே-வூ லெக்ரீர் பார் மெயில்?" என்று கேட்டு, மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

15ஆம் தேதி காலையில் கிளம்புவதால் மூன்று இரவுதான் கணக்கு: 285 யூரோ. மூன்று நாளும் காலை உணவு அங்கேயே என்றால் இன்னொரு 72. அப்புறம் 'தாக்ஸ் த செஜூர்' என்ற தங்கும் வரி ஆளுக்கு, இரவுக்கு என்று பெரும்பாலும் தனியாக வரும். அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். தெருப் பக்க அறையில் ஜன்னலைத் திறந்து தூங்குவது கஷ்டம் என்பதால், அந்தக் கடைசி வேண்டுகோளை விட்டுவிடாதீர்கள்.