வரி பாக்கிக்கு வட்டி: மார்ச் 31-ஆ, ஏப்ரல் 1-ஆ?

வருமான வரித் துறையிடமிருந்து பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்தால், பணம் கட்ட வழக்கமாக 30 நாள் கெடு உண்டு. அது தாண்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி. இது தனி வட்டிதான். வட்டிக்கு வட்டி ஏறாது.

பாக்கி 40,000 ரூபாய், கெடு ஜூன் 30-இல் முடிந்தது என்று வையுங்கள். பத்து மாதத்துக்குத் தனி வட்டி 10 சதவீதம், அதாவது 4,000 ரூபாய். அதையே மாதந்தோறும் கூட்டு வட்டியாகப் போட்டால் 10.46 சதவீதம், சுமார் 4,185 ரூபாய். வித்தியாசம் 185 ரூபாய்தான்.

உண்மையில் கையைக் கடிப்பது வேறொன்று. மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதமாகவே கணக்கிடுவார்கள். மார்ச் 31-இல் கட்டினால் ஒன்பது மாதம், 3,600 ரூபாய். ஏப்ரல் 1-இல் கட்டினால் பத்து மாதம், 4,000 ரூபாய். ஒரே இரவில் 400 ரூபாய்! எனவே மாதக் கடைசிக்குள் கட்டிவிடுங்கள்.

ஆனால் அதற்காகக் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு நிலுவை வைக்காதீர்கள். மாதம் 3 சதவீதக் கூட்டு வட்டி என்றால் பத்து மாதத்தில் அது 34.39 சதவீதம், சுமார் 13,757 ரூபாய்.